ஸ்டேபிள்காயின் பங்கு ஏறினால் சந்தை பயந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வரைகோடு:
பிட்காயின் டெய்லி சார்ட்டுக்குக் கீழே, மொத்தக் கிரிப்டோ சந்தையில் டெதர் என்ற டாலர் ஸ்டேபிள்காயினின் பங்கைக் காட்டும் USDT.D-யைக் கொஞ்ச நாளாக வைத்துப் பார்த்துவருகிறேன். அது ஏறும்போதெல்லாம் விலை இறங்குகிறது, அது இறங்கும்போது விலை ஏறுகிறது. கண்ணாடியில் பார்ப்பது போலத் துல்லியமாக இருக்கிறது. 50 நாள் சராசரிக்கு மேலே அது நிலைத்தால் ஆல்ட்காயின்களைக் குறைப்பது, கீழே வந்தால் திரும்ப எடுப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

இரண்டு சந்தேகம். விலை சார்ட் ஏற்கெனவே சொல்லாத எதையாவது இது சொல்கிறதா? டெதர் மட்டும் பார்த்தால் போதுமா, யுஎஸ்டிசியையும் சேர்க்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அலைவாசி:
தாராளமாக வைத்துக்கொள்ளலாம் சகோ. நான் வெகுகாலமாக இதைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். லாஜிக் எளிது. பயம் வந்தால் எல்லோரும் காயினை விற்று டெதருக்குப் போகிறார்கள், பணம் டெதரில் குவிகிறது, அதனால் அந்தப் பங்கு, அதாவது டாமினன்ஸ், ஏறுகிறது. தைரியம் வந்தால் அந்தப் பணம் திரும்ப காயினுக்குள் வருகிறது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் பரிமாற்ற மையம் விழுந்தபோது 8 சதவீதத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியது. பிட்காயின் அடி போட்டதும் அங்கேதான். அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை அங்கே தொட்டுத் திரும்பினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மதியொளி:
அலைவாசி தம்பி சொன்னதில், பயம் வரும்போது இந்தப் பங்கு ஏறுகிறது என்பது சரி. "பணம் டெதரில் குவிகிறது" என்பதுதான் சரியில்லை. அந்த ஒன்றைத் திருத்திக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பதில் வந்துவிடும்.

நான் என் காயினை விற்று ஆயிரம் டெதர் வாங்குகிறேன் என்று வையுங்கள். அந்த ஆயிரம் டெதர் எங்கிருந்து வந்தது? என் காயினை வாங்கியவர் கையிலிருந்து. அவரிடம் குறைந்தது, என்னிடம் கூடியது. உலகில் உள்ள மொத்த டெதர் ஒரு டாலர்கூட மாறவில்லை. சந்தையில் எத்தனை லட்சம் பேர் பயந்து விற்றாலும் இதே கதைதான். விற்பவர் ஒவ்வொருவருக்கும் எதிரே வாங்குபவர் ஒருவர் இருக்கிறார்.

அப்படியானால் பங்கு ஏன் ஏறுகிறது? வகுக்கும் எண் சுருங்குவதால். மொத்தச் சந்தை 2000 பில்லியன், அதில் ஸ்டேபிள்காயின் 160 பில்லியன் என்று ஒரு கற்பனைக் கணக்கு வைப்போம். பங்கு 8 சதவீதம். மீதி 1840 பில்லியன் மதிப்புள்ள காயின்கள் விலையில் 10 சதவீதம் இறங்கினால் அது 1656 ஆகும். ஸ்டேபிள்காயின் அதே 160. மொத்தம் 1816, பங்கு 8.8 சதவீதம். ஒருவரும் புதிதாக ஒரு டெதர்கூட உருவாக்கவில்லை, ஆனால் சார்ட்டில் அழகான பச்சை கேண்டில் வந்துவிட்டது.

வரைகோடு பார்க்கும் அந்தக் கண்ணாடித்தனத்துக்குக் காரணம் இதுதான். தினசரி அசைவில் மிகப் பெரும்பகுதி தலைகீழாகக் காட்டப்பட்ட விலையே தவிர வேறில்லை. விலை சார்ட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் 50 நாள் சராசரி போட்டால் என்ன கிடைக்குமோ, ஏறக்குறைய அதுதான் உங்கள் விதியும். விலையும் இதுவும் ஒத்துப்போகின்றன, ஆகவே இரண்டு சாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். சாட்சி ஒருவர்தான், இரண்டு முறை பேசுகிறார்.

வரைகோடு:
அக்கா, அப்படியானால் இது சுத்தமாகப் பயனற்றதா? தூக்கிப் போட்டுவிடலாமா?

மதியொளி:
வேண்டாம். பங்கு என்பது இரண்டு எண்களின் கதை. கீழே இருக்கும் எண் விலை, அது உங்களுக்குத் தெரியும். மேலே இருக்கும் எண், அதாவது புழக்கத்தில் உள்ள ஸ்டேபிள்காயின் அளவு, விலை சார்ட்டில் எங்கும் இல்லை. அது மாறுவது இரண்டே வழியில்தான். பெரிய வாடிக்கையாளர்கள் வங்கி டாலரைக் கொடுத்துப் புதுக் காயினை வாங்க வேண்டும், அல்லது காயினைத் திருப்பிக் கொடுத்து வங்கி டாலரை எடுத்துப் போக வேண்டும். டெதர் நிறுவனத்திடம் நேரடியாகத் திருப்பிக் கொடுக்கக் குறைந்தபட்சமே ஒரு லட்சம் டாலர். ஆகவே அந்த எண்ணை அசைப்பது நம்மைப் போன்றவர்கள் இல்லை, சந்தைக்குள் பணம் கொண்டுவருபவர்களும் வெளியே கொண்டுபோகிறவர்களும்.

பங்கு ஏறும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: விலை இறங்கியதால் மட்டும் ஏறியதா, இல்லை மேலே உள்ள எண்ணும் கூடியதா, அல்லது அந்த எண் குறைந்துகொண்டே இருக்கும்போது விலை அதைவிட வேகமாக விழுந்ததா? மூன்றிலும் சார்ட் ஒரே மாதிரி மேலே போகும். அர்த்தம் மூன்றுக்கும் வேறு வேறு. முதலாவதில் பணம் உள்ளேயே இருக்கிறது. இரண்டாவதில் யாரோ புது டாலரை உள்ளே கொண்டுவந்து காத்திருக்கிறார்கள். மூன்றாவதில் பணம் கதவைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நிஜமான பயம் மூன்றாவதுதான். கெடுதல் என்னவென்றால், அந்த நேரத்தில் இந்த அளவுகோல் பயத்தைக் குறைத்துத்தான் காட்டும்.

கரிசல்:
பேச்சுக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் ஸ்டேபிள்காயினைப் பாதுகாப்பான இடம் என்று வைத்துப் பேசுகிறீர்கள். 2022 மே மாதம் நான் என் காயின்களை எல்லாம் விற்று டெர்ராவின் யுஎஸ்டியில் போட்டு வைத்திருந்தேன், சந்தை சரியில்லை, ஒதுங்கி நிற்கலாம் என்றுதான். ஒரே வாரத்தில் போய்விட்டது. எது ஸ்டேபிள், எது ஸ்டேபிள் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டெதரும் அதே வாரம் ஒரு டாலருக்குக் கீழே போனது நினைவிருக்கிறது. இப்போது எதில் வைத்தால் நல்லது?

மதியொளி:
கரிசல் அண்ணா, ஒதுங்கி நிற்கப் போன இடத்திலேயே அடி விழுந்தது கொடுமை. எதில் வைக்கலாம் என்பதற்கு நான் இங்கே பதில் சொல்லப் போவதில்லை, அது வேறு கேள்வி. ஆனால் நீங்கள் எடுத்த உதாரணம் நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

விழுவதற்கு முன் அந்த யுஎஸ்டியின் மதிப்பு சுமார் 18 பில்லியன் டாலர். எல்லா ஸ்டேபிள்காயினையும் கூட்டி ஒரு பங்கு வரைந்திருந்தவர்களின் சார்ட்டில் அந்த 18 பில்லியன் மேலே உள்ள எண்ணில் இருந்தது. சில நாளில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. ஒருவரும் அதைத் திருப்பிக் கொடுத்து டாலர் எடுக்கவில்லை. ஆவியானது. சந்தை உச்சப் பயத்தில் இருந்த அந்த வாரத்தில், மேலே உள்ள எண்ணைக் கீழே இழுத்ததே பயம்தான். எந்தக் காயினைக் கூட்டலில் சேர்க்கிறோம் என்பது அதனால்தான் முக்கியம். பின்னால் வங்கி டாலரும் கருவூலப் பத்திரமும் வைத்திருப்பவற்றை மட்டும் சேர்ப்பேன். வேறு காயினைக் காட்டியோ, எதிர்-நிலை எடுத்தோ ஒரு டாலரைப் பிடித்து வைப்பவற்றைச் சேர்க்க மாட்டேன்.

இனி டெதர். 2022 மே தொடக்கத்தில் மொத்தச் சந்தை தோராயமாக 1720 பில்லியன், டெதர் 83. பங்கு 4.8 சதவீதம். ஜூன் 18 வாக்கில் மொத்தம் சுமார் 850, டெதர் 68. பங்கு 8 சதவீதம். சார்ட்டில் பார்த்தால் டெதருக்குள் பணம் வெள்ளமாக ஓடியது போல் இருக்கும். நடந்தது என்ன? டெதர் 15 பில்லியன் குறைந்திருக்கிறது, அதாவது 18 சதவீதம். மற்றவை 1637 பில்லியனிலிருந்து 782க்கு, பாதிக்கும் மேல் விழுந்திருக்கின்றன. அந்த 15 பில்லியன் வெளியே போகாமல் அப்படியே இருந்திருந்தால் பங்கு 9.6 சதவீதமாகியிருக்கும். பணம் வெளியேறியதாலேயே அளவுகோல் 8இல் நின்றது.

நாழிகை:
கணக்கு சரி, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே ஏழு வாரத்தில் யுஎஸ்டிசி சுமார் 6 பில்லியன் கூடியது. டெதரின் மேல் சந்தேகம் வந்தவர்கள் ஒரு பகுதியை அங்கே மாற்றினார்கள். ஆகவே டெதரைவிட்டுப் போன 15இல் சந்தையைவிட்டே போனது அதிகபட்சம் 9 அளவுதான். டெதரை மட்டும் வைத்துப் பார்த்தால் வெளியேற்றத்தை மிகையாகப் படிப்போம்.

இதற்கு நேர்மாறாக 2023 மார்ச் நடந்தது. சிலிக்கன் வேலி வங்கி மூடப்பட்டதும், யுஎஸ்டிசியின் கையிருப்பில் 3.3 பில்லியன் டாலர் அங்கே இருக்கிறது என்று தெரியவந்தது. மார்ச் 11 அன்று யுஎஸ்டிசி 88 சென்ட் வரை விழுந்தது. அந்த மாதம் முடியும்போது யுஎஸ்டிசி சுமார் 43 பில்லியனிலிருந்து 33க்கு வந்துவிட்டது, டெதர் 72லிருந்து 80க்கு அருகில் போயிருந்தது. டெதரின் அளவை மட்டும் பார்த்தவர் "ஏழெட்டு பில்லியன் புதுப் பணம் வந்திருக்கிறது" என்று சொல்லியிருப்பார். இரண்டையும் கூட்டினால் 115லிருந்து 113. புதுப் பணம் எதுவும் இல்லை, டாலர் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பிட்காயின் மட்டும் அதே நாட்களில் 20 ஆயிரத்திலிருந்து 28 ஆயிரம் வரை போனது.

வரைகோடின் இரண்டாவது சந்தேகத்துக்கு என் பதில்: குறைந்தது இரண்டையும் கூட்டுங்கள். டிரேடிங்வியூவில் சின்னத்துக்கான இடத்திலேயே இப்படித் தட்டினால் வரும்:

```
CRYPTOCAP:USDT.D+CRYPTOCAP:USDC.D
```

அலைவாசி:
கணக்கெல்லாம் ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனாலும் ஒரு விஷயத்தை நீங்கள் தொடவில்லை. தலைகீழ் விலையே என்றாலும் அதில் ஆயிரக்கணக்கானவர்கள் கோடு போட்டுப் பார்க்கிறார்கள். எல்லோரும் 8 சதவீதத்தைப் பார்த்தால் அங்கே வாங்குவார்கள், அதனாலேயே அது வேலை செய்யும். தவிர டைவர்ஜென்ஸ் இருக்கிறதே. விலை முந்தைய அடியைவிடக் கீழே போகிறது, ஆனால் டாமினன்ஸ் முந்தைய உச்சியைத் தாண்டவில்லை என்றால், பயம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இது விலை சார்ட்டில் தெரியாது. நான் இதை வைத்து நல்ல இடங்களில் நுழைந்திருக்கிறேன்.

மதியொளி:
எல்லோரும் பார்ப்பதால் வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை, அதை நிரூபிக்கவும் என்னிடம் வழியில்லை. ஆனால் அந்த 8 சதவீதம் என்ற மட்டம் நிலையாக நிற்பதில்லை. எஃப்டிஎக்ஸ் சமயத்தில் டெதர் ஏறக்குறைய 66 பில்லியன். 8 சதவீதம் என்றால் மொத்தச் சந்தை 825 பில்லியன் என்று பொருள். 2024 டிசம்பரில், பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய சமயத்தில், டெதர் சுமார் 140 பில்லியன். அந்த அளவோடு அதே 8 சதவீதத்தைத் தொட வேண்டுமானால் மொத்தச் சந்தை 1750 பில்லியனுக்கு வந்தால் போதும். முன்பிருந்த பள்ளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. கோடு ஒன்றுதான், அது சுட்டும் விலை வேறு. அளவு வளர வளர அதே கோடு உயர்ந்த விலையைச் சுட்டிக்கொண்டே போகும்.

டைவர்ஜென்ஸைப் பற்றித்தான் உங்களிடம் வலியுறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஆபத்து இருக்கிறது. மறுபடியும் கற்பனை எண். முதல் பள்ளத்தில் ஸ்டேபிள்காயின் 68, மற்றவை 782. பங்கு 8.0. சில மாதம் கழித்து விலை இன்னும் கீழே, மற்றவை 760. ஆனால் இடையில் 3 பில்லியன் வெளியேறி ஸ்டேபிள்காயின் 65 ஆகிவிட்டது. பங்கு 7.9. விலை புதுப் பள்ளம், டாமினன்ஸ் முந்தைய உச்சியைத் தாண்டவில்லை. உங்கள் கண்ணுக்கு இது "பயம் தீர்ந்தது". நடந்ததோ, திரும்பி வாங்க வேண்டிய பணமே கிளம்பிப் போனது. மேலே உள்ள எண்ணைத் தனியாகப் பார்க்காமல் அந்த டைவர்ஜென்ஸை நம்பி நுழையாதீர்கள் தம்பி.

அந்த எண் நிலையாக இருந்தோ கூடியோ இருந்தால்? அப்போது மற்றவற்றின் மொத்த மதிப்பு புதுப் பள்ளம் போட்டால் பங்கும் புது உச்சி போட்டே ஆக வேண்டும், வேறு வழியே கிடையாது. ஆகவே நீங்கள் சொல்லும் வகை டைவர்ஜென்ஸ் வருவதே பணம் வெளியேறும்போதுதான். எதைக் கூட்டுகிறோம் என்பது மாறினால் மட்டும் இதில் விதிவிலக்கு வரலாம்.

அலைவாசி:
கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். கணக்குப்படி அப்படித்தான் வருகிறது. ஆனால் 2022 நவம்பரை அடுத்து விலை ஏறத்தானே செய்தது? பணம் வெளியே போய் முடியும் இடமும் அடிதானே? அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதியொளி:
அது நியாயமான வாதம். வெளியேற்றம் ஓய்வதைப் பார்க்க நீங்கள் அளவைத்தான் பார்க்க வேண்டும், பங்கை இல்லை என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

நாழிகை:
பிரித்துப் பார்க்க நான் பயன்படுத்தும் சின்ன ஸ்கிரிப்ட் இது. பங்குக்குப் பதிலாக ஸ்டேபிள்காயினை மற்றவற்றால் வகுத்து லாக் எடுத்தால், அதன் மாற்றம் இரண்டு துண்டாகச் சுத்தமாகப் பிரியும். ஒன்று அளவால் வந்தது, இன்னொன்று விலையால் வந்தது.

```
//@version=5
indicator("stable split")
f(x) => request.security(x, "D", close)
s = f("CRYPTOCAP:USDT") + f("CRYPTOCAP:USDC")
r = f("CRYPTOCAP:TOTAL") - s
plot(ta.change(math.log(s), 30), color=color.green)
plot(-ta.change(math.log(r), 30), color=color.red)
```

டெய்லி சார்ட்டில் போடுங்கள். சிவப்பு, விலை இறங்கியதால் ஏறிய பகுதி. பச்சை, ஸ்டேபிள்காயின் கூடியதாலோ குறைந்ததாலோ வந்த பகுதி. இரண்டையும் கூட்டினால் விகிதத்தின் மொத்த மாற்றம். முதல் பார்வைக்குப் பச்சைக்கோடு ஏறக்குறைய தரையோடு ஒட்டியிருக்கும், சிவப்புதான் துள்ளும். மதியொளி அக்கா சொன்ன "தலைகீழ் விலை" என்பதைக் கண்ணால் பார்க்க இதுவே போதும். சிவப்பு மேலே, பச்சை பூஜ்யத்துக்குக் கீழே என்று வாரக்கணக்கில் இருந்தால்தான் நான் கையைக் கட்டிக்கொள்வேன். சிவப்பு மேலே, பச்சையும் மேலே என்றால் அவசரப்பட்டு விற்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. TOTAL என்பதிலேயே ஸ்டேபிள்காயினும் அடக்கம், அதனால்தான் கழித்திருக்கிறேன். பிட்காயின், ஈதர் நீக்கிய TOTAL3 பார்த்து ஆல்ட்காயின் பலத்தை அளப்பவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள். அதற்குள்ளும் டெதர் உட்கார்ந்திருக்கிறது, பதற்றமான நாளில் அது விழுவதை மெதுவாக்கிக் காட்டும்.

வரைகோடு:
போட்டுப் பார்த்தேன் நாழிகை, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி பச்சை தரையோடு கிடக்கிறது. ஒரு கேள்வி. 30ஐ 1 ஆக மாற்றிப் பார்த்தால், சனி ஞாயிறுகளில் பச்சை ஏறக்குறைய அசையவே இல்லை. தரவுக் கோளாறா?

நாழிகை:
கோளாறு இல்லை. காயின் சந்தை வாரம் முழுக்க ஓடும், வங்கி ஓடாது. டாலர் அனுப்பாமல் புதுக் காயின் வாங்கவோ திருப்பவோ முடியாது. 2023 மார்ச்சில் இதன் விளைவு பெரிதாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வங்கி மூடப்பட்டது, சனிக்கிழமை யுஎஸ்டிசி 88 சென்ட், ஆனால் திருப்பிக் கொடுக்க வழி திங்கள்தான். அந்த இரண்டு நாள் பயம் பெரும்பாலும் காயினின் விலையில் தெரிந்தது, அளவில் அவ்வளவாகத் தெரியவில்லை. இன்னொன்று, சார்ட்டில் வரும் மார்க்கெட் கேப் என்பது அளவும் விலையும் பெருக்கியது. ஆகவே அன்று பச்சைக்கோடு விழுந்திருந்தால் அதில் பெரும்பகுதி வெளியேற்றம் இல்லை, 88 சென்ட்தான்.

அதனால் அவசர நிலைக்கு மணிக்கணக்கு சார்ட்டில் ஸ்டேபிள்காயினின் விலையையே பார்ப்பேன். 99.9 சென்ட்டுக்குக் கீழே தொடர்ந்து நின்றால், யாரோ மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்து ஒரு டாலர் எடுக்கப் போகிறார்கள். அளவு குறைவது அதன் பிறகுதான் வரும்.

பொழிலன்:
எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். ஸ்டேபிள்காயின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் காயின் வாங்கக் காத்திருப்பவர்கள் இல்லை. நாடுவிட்டு நாடு பணம் அனுப்புகிறார்கள், தங்கள் நாணயம் சரிகிறது என்று டாலராகச் சேமிக்கிறார்கள், வியாபாரிகள் கணக்குத் தீர்க்கிறார்கள். அமெரிக்காவில் 2025 ஜூலையில் இதற்கென்றே சட்டம் கையெழுத்தானது. இந்த உபயோகம் வளர வளர பச்சைக்கோடு சந்தை மனநிலைக்குச் சம்பந்தமில்லாமல் மேலே போகும். பச்சை மேலே இருக்கிறது, விற்க வேண்டாம் என்ற நாழிகையின் விதி அப்போது என்ன ஆகும்? பரிமாற்ற மையங்களில் இருக்கும் ஸ்டேபிள்காயினை மட்டும் எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

மதியொளி:
கேள்வி சரியானது பொழிலன். தீர்வில்தான் எனக்குத் தயக்கம். எந்த முகவரி எந்தப் பரிமாற்ற மையத்துடையது என்பதை ஆய்வு நிறுவனங்கள் ஊகித்துத்தான் பெயர் ஒட்டுகின்றன. ஒரு மையம் தன் பணத்தைப் புது முகவரிக்கு மாற்றினால், பெயர் ஒட்டும்வரை அது வெளியேற்றம் போலத் தெரியும். அந்த எண்ணை வைத்துத் தினசரி முடிவெடுக்க நான் துணிய மாட்டேன். அதற்குப் பதில், பச்சைக்கோட்டைப் பூஜ்யத்தோடு ஒப்பிடாமல் அதன் சொந்த ஓராண்டு சராசரியோடு ஒப்பிடுகிறேன். உபயோகம் சீராக வளர்ந்தால் அது சராசரியில் அடங்கிவிடும், அதிலிருந்து சட்டென்று விலகுவது மட்டும் மிஞ்சும்.

பொழிலன்:
உபயோகம் சீராக வளரும் என்று யார் சொன்னது? சட்டம் வந்த மாதம், ஒரு பெரிய நிறுவனம் சேர்ந்த மாதம் என்று தாவித் தாவித்தான் வளரும். அந்தத் தாவலும் உங்கள் கணக்கில் சட்டென்று விலகுவதாகத்தான் தெரியும். முகவரிப் பெயர்களில் பிழை இருக்கிறது என்பது உண்மைதான், ஆனாலும் என் கேள்விக்கு அருகில் வருவது அதுதான்.

மதியொளி:
மேல்நோக்கிய தாவலில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அங்கே இந்தக் கோடு என்ன சொல்கிறது என்று எனக்கு உறுதி கிடையாது. கீழ்நோக்கிய பக்கத்தில் மட்டும் நம்புகிறேன். பணம் அனுப்புகிறவர்களும் சேமிக்கிறவர்களும் ஒரே மாதத்தில் கூட்டமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே டெதர், யுஎஸ்டிசி இரண்டின் கூட்டுத்தொகை நாலைந்து வாரம் தொடர்ந்து குறைந்தால், வரைகோடு, உங்கள் 50 நாள் சராசரி என்ன சொன்னாலும் ஆல்ட்காயினைக் குறையுங்கள். கூடும்போது அதை வைத்து வாங்காதீர்கள், அதற்கு விலையையே பாருங்கள்.

கரிசல்:
நாழிகை, உங்கள் ஸ்கிரிப்ட்டில் 2022 மே வரை பின்னால் போய்ப் பார்த்தேன். நான் போட்டு வைத்திருந்த காயின் கூட்டலில் இல்லை, இருந்தும் மே நடுவிலேயே பச்சைக்கோடு பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது. ஜூன் பெரிய சரிவுக்கு முன்பே. அதே சமயம் யுஎஸ்டிசி கூடியது என்றீர்களே, அதைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியுமா?

நாழிகை:
முடியும் அண்ணா. பழைய இரண்டு plot வரிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு சின்னத்தையும் தனி வரியாக plot செய்யுங்கள், ஆனால் லாக் வேண்டாம், நேரடி டாலர் மாற்றமாகவே போடுங்கள். ஒன்று குறைந்த அளவு இன்னொன்று கூடியதா என்பது அப்போதுதான் நேருக்கு நேர் தெரியும். ஜூனுக்கு முன்பே எச்சரித்தது என்பதை மட்டும் ஒரே ஒரு சம்பவத்தை வைத்து விதியாக்க வேண்டாம். 2023இல் யுஎஸ்டிசி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருந்தது, விலையோ ஏறியது.